அட்வான்ஸ் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது: பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அக்ரிமென்ட்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒரு கேள்வி வரும். "உங்க பங்கு எவ்வளவு கொடுத்திருக்கீங்க, அதுக்கு ஆதாரம் காட்டுங்க." அக்ரிமென்ட்டில்தான் எழுதியிருக்கிறதே சார் என்று நாம் சொல்வோம். அக்ரிமென்ட்டில் இருப்பது விற்பவர் சொல்கிற வார்த்தை, பணம் நகர்ந்ததற்குச் சாட்சி ஸ்டேட்மென்ட்தான் என்பார் வங்கி அதிகாரி. இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கோப்பு அங்கேயே நிற்கும்.

என் சித்தி மகன் போன வருடம் பாளையங்கோட்டை கேடிசி நகரில் ஒரு வீடு வாங்கினான். அவன் கோப்பு இப்படித்தான் நின்றது. அதில் என் கவனக்குறைவும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தான். அந்த ஒரு கேஸை வைத்தே சொல்லிவிடுகிறேன். தொகைகளை மட்டும் கொஞ்சம் தோராயமாக்கியிருக்கிறேன், சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டேன்.

வீட்டு விலை 45 லட்சம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக வங்கி தருவது 36 லட்சம், நம் கையிலிருந்து 9 லட்சம். இந்த 9 லட்சத்தைத்தான் மார்ஜின், சொந்தப் பங்கு, டவுன் பேமென்ட் என்று ஆளுக்கொரு பேரில் சொல்கிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகும், அது தனி. அதையும் இந்த 9 லட்சத்தையும் குழப்பிக்கொண்டு, பத்திரச் செலவுக்கு எடுத்த பணத்தையும் "என் பங்கு" என்று காட்டுகிறவர்கள் உண்டு. அது எடுபடாது.

ஒன்பதில் ஐந்து லட்சத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, 12.06.2025 அன்று அக்ரிமென்ட் போட்டார்கள். ஆடி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய உடன்படிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும், அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த்தான் போட்டார்கள். மீதி நான்கு லட்சம் பத்திரத்துக்கு முன்னால் தருவதாகப் பேச்சு.

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது? நிறைய பேர் ஸ்டேட்மென்ட்டை விரித்து வைத்துக்கொண்டு பெரிய தொகைகளைத் தேடுவார்கள். அது தலைகீழ். முதலில் அக்ரிமென்ட்டை எடுங்கள், முன்பணம் பெற்றதாகச் சொல்லும் பத்தியைக் கண்டுபிடியுங்கள், அதில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காகிதத்தில் ஐந்து விவரம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு, எந்த வழியில், யார் கொடுத்தது, யார் வாங்கியது. செக் என்றால் ஆறு இலக்க எண். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்றால் யூடிஆர் எண். யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். இவ்வளவையும் எழுத முடியவில்லை என்றால் அக்ரிமென்ட்டே ஒழுங்காக எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

எழுத முடியாமல் போவதற்குப் பெரிய காரணம் ஒரே ஒரு சொல். "ரொக்கமாக." பத்திரம் எழுதுகிறவர்கள் கைவசம் ஒரு பழைய மாதிரி வைத்திருப்பார்கள், அதில் "மேற்படி ரூபாயை சாட்சிகள் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும், பேரையும் தொகையையும் மட்டும் மாற்றிவிட்டு பிரிண்ட் எடுத்துவிடுவார்கள். நீங்கள் செக்கில் கொடுத்திருந்தாலும் பத்திரம் ரொக்கம் என்றுதான் சொல்லும். இதில் ஸ்டேட்மென்ட்டோடு பொருந்தாது என்பது சின்னப் பிரச்சினை. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில், அதாவது விற்பவர் தலையில். 19,000, 19,000 என்று மூன்று தடவை கொடுத்தால் தப்பிக்கலாம் என்று ஒருத்தர் என்னிடம் சொன்னார். சேர்த்துப் பார்ப்பார்கள், தப்பிக்க முடியாது. ஒழுங்காக வங்கி வழியே கொடுத்துவிட்டு, ரொக்கம் என்று நாமே கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்வது எவ்வளவு பெரிய கூத்து!

தம்பி அக்ரிமென்ட் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டேன். எழுத்தரிடம் சொல்லி மாற்றி, நான்கு தொகைகளையும் தனித்தனியாக எழுத வைத்தோம். 02.06 அன்று அச்சாரமாக ரொக்கம் 10,000. 05.06 அன்று யூபிஐ வழியாக 90,000. 12.06 தேதியிட்ட செக் 2,00,000. அதே நாள் நெஃப்ட் 2,00,000. கூட்டினால் ஐந்து லட்சம். அழகாக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். ஸ்டேட்மென்ட்டை வாங்கி எதிரே வைத்துப் பார்க்கவில்லை, என் தப்பு அதுதான். எழுத்தர் எழுதியது தம்பி வாயால் சொன்னதை.

பத்து நாள் கழித்து வங்கியில் கேள்வி வந்த பிறகுதான் ஸ்டேட்மென்ட் என் கைக்கு வந்தது. அவன் கணக்கில் ஜூன் மாதத்தில் நமக்கு வேண்டிய வரிகள் இவ்வளவுதான்:

```
01/06 ATM WDL               10,000 DR     54,200
03/06 FD CLOSURE          1,13,600 CR   1,67,800
05/06 UPI/DR/515609482617   90,000 DR     77,800
09/06 CASH DEP            1,50,000 CR   2,27,800
16/06 CHQ PAID 000418     2,00,000 DR     27,800
```

முதலில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் பிறகு கையிருப்பு. முந்தைய கையிருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்துப் பார்த்தால் அடுத்த வரியின் கையிருப்பு வர வேண்டும். 54,200 கூட்டல் 1,13,600, சமம் 1,67,800. சரி. இதை எல்லாப் பக்கத்துக்கும், முக்கியமாக ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கும் இடத்தில் செய்ய வேண்டும். யாராவது நடுவில் ஒரு தொகையைத் திருத்தியிருந்தாலும், ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் இங்கேதான் உதைக்கும். வங்கிக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டையும், எக்செல்லில் தட்டிக் கொண்டுவருவதையும் ஏற்க மாட்டோம் என்று அவர்கள் முகம் சுளிப்பதும் இதனால்தான்.

இப்போது அக்ரிமென்ட்டின் நான்கு தொகைகளை ஒவ்வொன்றாக இங்கே தேடலாம்.

அச்சாரம் 10,000. ரொக்கம் என்பதால் விற்பவர் பெயரோடு எந்த வரியும் வராது. ஆனால் முந்தின நாள் ஏடிஎம்மில் அதே தொகை எடுத்திருக்கிறான், விற்பவர் கைப்பட ரசீது கொடுத்திருக்கிறார். 20,000-க்குக் கீழேயும் இருக்கிறது. போதும். (உண்மையில் கொடுத்தது 10,001. ஒற்றை ரூபாய் நாணயத்தைச் சித்தி தாம்பாளத்தில் வைத்தாள். அந்த ரூபாய் எந்தக் கணக்கிலும் வராது, வர வேண்டியதும் இல்லை.)

செக் 2,00,000. அக்ரிமென்ட்டில் 12-ஆம் தேதி, ஸ்டேட்மென்ட்டில் 16. இதைப் பார்த்துத்தான் தம்பி பயந்து போயிருந்தான். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. செக்கில் எழுதுவது கொடுக்கிற தேதி, ஸ்டேட்மென்ட்டில் வருவது பாஸான தேதி. 13 வெள்ளிக்கிழமை விற்பவர் வங்கியில் போட்டிருக்கிறார், 14 இரண்டாவது சனி, 15 ஞாயிறு, 16 திங்கள் பாஸாகியிருக்கிறது. எண் 000418 இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தேதி கொஞ்சம் நகரலாம், எண்ணும் தொகையும் நகரக் கூடாது. ஆனால் ஒன்று பாருங்கள்: செக் பாஸான வரிக்குக் கீழே அடுத்த ஓரிரு நாளில் அதே தொகை திரும்ப வரவாகி, பக்கத்தில் `RTN` அல்லது `RETURN` என்று இருந்தால், அந்தப் பணம் போகவே இல்லை. செலவுக் கட்டத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். டிமாண்ட் டிராஃப்ட் எடுத்திருந்தால் ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் விற்பவர் பெயரே வராது, டிடி எடுத்த வரி மட்டும்தான். டிடியை நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டால் பிறகு அலைய வேண்டியதுதான்.

நெஃப்ட் 2,00,000. தம்பி ஸ்டேட்மென்ட்டில் இந்த வரியே இல்லை! விசாரித்தால், அது அவன் மனைவியின் கணக்கிலிருந்து போயிருக்கிறது. அக்ரிமென்ட்டில் வாங்குபவர் தம்பி மட்டும்தான், "வாங்குபவர் செலுத்திய" என்றுதான் வாசகம். வீட்டுக்குள் ஒரே பணம்தானே என்பது நமக்குச் சரி, காகிதத்துக்கு அவர்கள் இரண்டு பேர். இந்தக் கேஸில் மனைவியும் கடனுக்குச் சேர்ந்து விண்ணப்பித்திருந்ததால் பெரிய சிக்கல் ஆகவில்லை. அவள் ஸ்டேட்மென்ட்டை வைத்து, "என் கணவர் வாங்கும் வீட்டுக்காக நான் கொடுத்த பணம், திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக, யூபிஐ 90,000. எண் பொருந்துகிறது, தேதி பொருந்துகிறது, தொகை பொருந்துகிறது. ஆனால் முழு விவரத்தைத் திறந்து பார்த்தால் பணம் போன பெயர் வேறு. விற்பவர் பெருமாள்புரத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற அண்ணாச்சி. அன்றைக்குத் தம்பி போன் போட்டபோது, "எனக்கு அந்த ஜிபே எல்லாம் தெரியாது தம்பி, மவன் நம்பருக்குப் போட்டுரு" என்றிருக்கிறார். இவனும் போட்டுவிட்டான். அண்ணாச்சி நல்ல மனுசன், பணம் அவர் கைக்குத்தான் வந்தது. இருந்தாலும் சொத்து அவர் பேரில், மகன் அக்ரிமென்ட்டில் இல்லவே இல்லை. அவர் "90,000 பெற்றேன்" என்று சொல்வதற்கும், ஸ்டேட்மென்ட் "இன்னொருத்தருக்குக் கொடுத்தேன்" என்று சொல்வதற்கும் நடுவில் பாலம் இல்லை. நாளைக்கு அப்பாவும் மகனும் முறைத்துக்கொண்டால், "அது நான் அவனுக்குக் கொடுத்த கைமாற்று திரும்பி வந்தது" என்று மகன் சொல்லிவிட முடியும். வங்கி நிறுத்தி வைத்தது இந்த வரிக்காகத்தான்.

ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டோம். அந்தக் கிளையில் போதாது என்றார்கள். கடைசியில், மகன் 90,000-ஐத் தம்பி கணக்குக்கே திருப்பி அனுப்பினார், தம்பி அதே நாளில் அண்ணாச்சி கணக்குக்கு நெஃப்ட் செய்தான். ஆனால் இப்போது பணம் போன தேதி ஜூன் 25, அக்ரிமென்ட் சொல்வதோ ஜூன் 5. அதனால் அண்ணாச்சியிடம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ரசீது: இன்ன எண்ணில் பதிவான உடன்படிக்கையில் 05.06 தேதியில் பெற்றதாகக் கண்ட 90,000 என் மகன் கணக்கில் வந்தது, அது திருப்பித் தரப்பட்டு, இன்ன யூடிஆர் எண்ணில் என் கணக்கில் வந்து சேர்ந்தது, உடன்படிக்கையில் உள்ள மொத்த முன்பணத்தில் மாற்றமில்லை என்று. கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் 90,000 இரண்டு தடவை கொடுத்தது போல ஒரு குழப்பம் வரும்.

இதுவரை பார்த்தது பணம் வெளியே போன பாதை. இன்னொரு பாதி இருக்கிறது: இந்தப் பணம் கணக்குக்குள் எப்படி வந்தது? மேலே உள்ள வரிகளை மறுபடியும் பாருங்கள். 9-ஆம் தேதி ரொக்கமாகப் போட்ட 1,50,000-ஐக் கழித்துவிட்டால், 16-ஆம் தேதி கையிருப்பு 77,800. இரண்டு லட்ச ரூபாய் செக் திரும்பியிருக்கும். அதாவது, அந்தச் செக் நின்றதே இந்த ரொக்கத்தின் மேல்தான். அதனால் அது எங்கிருந்து வந்தது என்பது கேள்வியாகிறது. எஃப்டி முடித்த வரிக்கு எஃப்டி ரசீதைக் காட்டினால் தீர்ந்தது. ரொக்கத்துக்கு?

அது சித்தப்பா கொடுத்த பணம். அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு, பிசான நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அவர் கணக்கில் இருந்தது. பேங்க்கில் மகன் பேருக்கு மாற்றிவிட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அவரோ பணத்தை எடுத்து, மஞ்சப்பையில் சுற்றி, பஸ் ஏறி வந்து கையில் கொடுத்தார். "கையில குடுத்தாத்தான்ல குடுத்த மாதிரி இருக்கும்" என்பது அவர் கட்சி. நல்ல வேளை, எடுத்த நாளும் போட்ட நாளும் பக்கத்தில். அவர் பாஸ்புக்கில் ஜூன் 6 அன்று 1,50,000 எடுத்த வரி, இங்கே ஜூன் 9 அன்று 1,50,000 போட்ட வரி. அதற்குமேல் பாஸ்புக்கில் நெல்லுப் பணம் வரவான வரி. இந்த மூன்றையும் நகல் எடுத்து, மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது, திருப்பித் தர வேண்டாம் என்று கடிதமும் வைத்தோம். அப்பா மகனுக்குத் தரும் அன்பளிப்புக்கு மகனுக்கு வருமான வரி கிடையாது. ஏப்ரலில் எடுத்து வீட்டில் வைத்திருந்து ஜூனில் கொடுத்திருந்தால், அந்த இரண்டு மாதத்துக்கு யார் சாட்சி சொல்வது?

எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்று கேட்பார்கள். என் கணக்கில், பணம் "இது சம்பாத்தியம், இது சேமிப்பு, இது அன்பளிப்பு" என்று தெளிவாகப் பேர் சொல்கிற இடம் வரை. சம்பளம் என்றால் ஒரு படி, எஃப்டி என்றால் ஒரு படி, சித்தப்பா ரொக்கத்துக்கு இரண்டு படி. வழக்கமாக ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பது இதற்காகவே. நீண்ட நாளாகக் கணக்கில் கிடக்கிற பணத்தை யாரும் அதிகம் துருவுவதில்லை, அக்ரிமென்ட்டுக்கு ஒரு வாரம் முன்னால் திடீரென்று குதித்த தொகையைத்தான் துருவுவார்கள்.

தம்பி மனைவியின் கணக்கில் அப்படி ஒன்று குதித்திருந்தது. ஜூன் 11 அன்று 1,80,000 வரவு, பக்கத்தில் `GOLD LOAN`. மறுநாள் அதிலிருந்துதான் இரண்டு லட்சம் நெஃப்ட். பாதை தெளிவு, ஒளிவு மறைவு இல்லை. ஆனால் பாதை எங்கே போய் முடிகிறது? இன்னொரு கடனில். சொந்தப் பங்கு என்று இதுவரை காட்டிய ஐந்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகையை அடகு வைத்த பணம். இதைச் சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள். இங்கே நகைக்கடனையும் மாதக் கடமைகளில் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள், இரண்டு பேர் சம்பளமும் இருந்ததால் 36 லட்சத்துக்குத் தகுதி குறையவில்லை. ஒருத்தர் சம்பளம் மட்டும் என்றால் குறைந்திருக்கும். மறைத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இருக்கிறது, சிபில் அறிக்கையிலும் வரும், எதற்கு வம்பு?

இந்த வேலையால் சரிசெய்யவே முடியாதது ஒன்று உண்டு. வீடு 45 லட்சம், அக்ரிமென்ட்டில் 35 போட்டுக்கொள்வோம், பத்து கையில் கொடு என்கிற பேரம். அந்தப் பத்துக்கு ஸ்டேட்மென்ட்டில் எடுத்த வரி இருந்தாலும் அக்ரிமென்ட்டில் அதற்கு ஜோடி கிடையாது, வங்கியும் 35-க்குத்தான் கடன் கணக்குப் போடும். என்னிடம் அப்படி ஒரு கோப்பு வந்தால் நான் தொடுவதில்லை.

வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் இன்னொரு வித்தியாசம் வரும். வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் விற்பவருக்குத் தர வேண்டும். அக்ரிமென்ட்டில் 5,00,000 என்று இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் 4,95,000 போயிருக்கும். அந்த 5,000 அரசுக்குக் கட்டிய வரியாகத் தனி வரியில் இருக்க வேண்டும், வரி கட்டிய ரசீதும் வேண்டும். தம்பி வீடு 45 என்பதால் இது வரவில்லை.

மீதி நான்கு லட்சத்துக்குத் தம்பி பிஎஃப்பில் ஒன்றரை எடுத்தான், சித்தப்பா இரண்டரை தருவதாகச் சொன்னார். இந்தத் தடவை அவரே வங்கிக்குப் போய் ஆர்டிஜிஎஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் போட்டார். "எதுக்குலே சுத்தி வளைச்சு, நேரா அந்த அண்ணாச்சிக்கே அனுப்பிரட்டுமா?"

"வேண்டாம் சித்தப்பா, மொதல்ல தம்பி கணக்குக்குப் போடுங்க. வீடு வாங்குறது அவன்தான், அண்ணாச்சிக்குப் பணம் அவன் கணக்குல இருந்துதான் போகணும்."

"சரிதாம்ல" என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தம்பி கணக்கிலிருந்து அண்ணாச்சிக்கு நான்கு லட்சம் ஒரே ஆர்டிஜிஎஸ்ஸில் போனது, அந்த யூடிஆர் எண்ணின் 22 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக நானே வாசித்துக் காட்டி, கிரையப் பத்திரத்தில் எழுத வைத்தேன்.